ஜாம் போத்தலை எத்தனை நிமிடம் அவிக்க வேண்டும்?

வீட்டில் செய்த ஜாமோ ஊறுகாயோ பூஞ்சணம் பிடித்துவிட்டால் முதலில் பழி விழுவது சமையலின் தலையில்தான். சீனி காணாது, உப்புக் குறைந்துவிட்டது, எண்ணெய் மேலே நிற்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். போத்தலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்த கண்ணாடிப் போத்தல் பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அதைத் துடைத்த துணியிலும், குசினிக் காற்றிலும், மூடியின் உள்வளையத்திலும் பூஞ்சண வித்திகள் இருக்கும். அவற்றுக்கு ஜாமின் மேற்பரப்பைப் போல வசதியான இடம் வேறு இல்லை.

அதனால்தான் போத்தலைச் சூடாக்கிக் கிருமி நீக்குகிறோம். கொதிநீரில் அவிக்கலாம், ஓவனில் வைக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எதற்கு எது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில், அந்தச் சூடு எதைக் கொல்கிறது என்று பார்ப்போம். பூஞ்சணம், ஈஸ்ட், சாதாரண பக்டீரியா ஆகியவை கொதிநீரில் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. ஆனால் சில பக்டீரியாக்கள் தடித்த ஓடு போட்ட வித்திகளாக மாறிக் கிடக்கும். பொட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் பக்டீரியா அந்த வகை. அதன் வித்தி 100 பாகை செல்சியஸ் நீரில் 10 நிமிடம் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கருவிகளை அழுத்த நீராவியில் 121 பாகைக்குச் சூடேற்றி 15 நிமிடம் வைப்பது இப்படிப்பட்ட வித்திகளையும் அழிக்கத்தான். வீட்டு அடுப்பில் திறந்த சட்டியில் அந்தச் சூடு வராது, எவ்வளவு விறகு வைத்தாலும் நீர் 100 பாகையைத் தாண்டாது.

அப்படியென்றால் வீட்டில் அவிப்பது வீண் வேலையா? இல்லை. பிழைத்த வித்தி முளைக்க வேண்டுமே. உணவின் பிஎச் 4.6க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பாக இருந்தால் பொட்டுலிசம் வித்தி முளைக்காது. தேசிக்காய் ஊறுகாய் இந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும். ஜாமில் புளிப்போடு சீனியும் சேர்ந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆக, போத்தலை அவிப்பது பூஞ்சணத்தையும் ஈஸ்ட்டையும் ஒழிக்கிறது, மிச்சத்தைப் புளிப்பும் சீனியும் உப்பும் பார்த்துக்கொள்கின்றன. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது மட்டும் போதாது. இதைக் கடைசியில் இன்னொரு முறை சொல்ல வேண்டி வரும்.

கொதிநீரில் அவிப்பது

போத்தல்களை நிமிர்த்தி வைத்தால் முழுதாக மூழ்கும் அளவுக்கு ஆழமான சட்டி வேண்டும். அடியில் ஒரு பழைய துணியை நாலாக மடித்துப் போடுங்கள். கண்ணாடி நேரே சட்டியின் அடியில் பட்டால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடாகும். கொதிக்கும்போது போத்தல் துள்ளித் துள்ளி அடியில் மோதவும் செய்யும். துணி இரண்டையும் தடுக்கும்.

கழுவிய போத்தல்களை நிமிர்த்தி வைத்து, வெதுவெதுப்பான நீரை உள்ளேயும் வெளியேயும் ஊற்றுங்கள். வாய்க்கு மேலே ஓர் அங்குலம் நீர் நிற்க வேண்டும். பிறகு அடுப்பைக் கூட்டுங்கள். நேரத்தை எப்போது எண்ணத் தொடங்குவது என்பதில்தான் அநேகம் பேர் தவறுகிறார்கள். அடியிலிருந்து சின்னக் குமிழ்கள் வரத் தொடங்கியதும் கொதித்துவிட்டது என்று மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். அது கொதி அல்ல. நீர் முழுதும் புரண்டு, அகப்பையால் கிண்டினாலும் அடங்காமல் கொதிக்கும்போதுதான் எண்ணத் தொடங்க வேண்டும். அதிலிருந்து 10 நிமிடம்.

இந்த 10 நிமிடம் கடல் மட்டத்தை அண்டிய ஊர்களுக்கான கணக்கு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வழிகாட்டலும் இதையே சொல்கிறது. 1,000 அடி உயரம் வரை 10 நிமிடம், அதற்கு மேலே ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஒரு நிமிடம் கூடுதல். யாழ்ப்பாணத்தில் கடலுக்கும் குசினிக்கும் உயர வித்தியாசம் சில மீற்றர்தான் என்பதால் நமக்கு அந்தக் கவலை இல்லை. நுவரெலியாவில் இருக்கும் மகளுக்கு இதே முறையைச் சொல்லிக் கொடுத்தால் 16 நிமிடம் என்று மாற்றிச் சொல்லுங்கள். அங்கே நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

நமக்கு வேறொரு கரைச்சல் உண்டு. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல், கிணற்று நீரும் கடினம். கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, அவித்த போத்தலிலும் மாவு தடவியது போலப் படியும். அது அழுக்கல்ல, உடம்புக்குக் கெடுதலும் இல்லை. ஆனாலும் பார்க்க நன்றாக இருக்காது, போத்தல் சுத்தமா இல்லையா என்று கண்ணால் தீர்மானிக்கவும் விடாது. அவிக்கும் நீரில் இரண்டு மேசைக் கரண்டி வினாகிரி விட்டால் படியாது. தேசிக்காய் பிழிந்த தோல்களைப் போட்டாலும் ஓரளவு வேலை செய்யும்.

மூடிகளைக் கடைசி 5 நிமிடம் அதே சட்டிக்குள் போட்டால் போதும். போடுமுன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஓரத்தில் இறப்பர் போன்ற ஒரு வளையம் இருக்கும். அது வெடித்திருந்தாலோ, தகரத்தில் கறள் பிடித்திருந்தாலோ, பழைய மீன் ஊறுகாயின் மணம் போகாமல் இருந்தாலோ எறிந்துவிடுங்கள். போத்தலை எத்தனை தரமும் பாவிக்கலாம், மூடிக்கு ஆயுள் குறைவு.

ஓவனில் வைப்பது

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் குறிப்புகளில், அதிலும் இலண்டனிலிருந்து வருபவற்றில், ஓவன் முறைதான் இருக்கும். கழுவிய போத்தல்களை ஈரத்தோடேயே தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் நிமிர்த்தி வைத்து, 140 பாகையில் 15 நிமிடம். உள்ளே விசிறி ஓடும் ஓவன் என்றால் 120 பாகை.

இதைப் படிப்பவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். 140 என்பது 100ஐ விட எவ்வளவோ கூட, அப்படியானால் ஓவன்தானே வலியது? நடப்பது மறுதலை. 100 பாகையில் இருக்கும் ஓவனுக்குள் கையை ஒரு கணம் விட்டு எடுக்கலாம். இடியப்பச் சட்டியின் மூடியைத் திறந்து அந்த ஆவியில் கையை வைத்துப் பாருங்கள், உடனே கொப்பளித்துவிடும். சூட்டு அளவு ஒன்றுதான், ஆனால் ஈரச் சூடு கைக்குள் இறங்கும் வேகம் வேறு. கிருமிக்கும் அதே கதி. ஈரத்தில் அதன் புரதம் சீக்கிரம் உறைந்து செத்துப்போகும், உலர்ந்த காற்றில் நெடுநேரம் தாங்கும். ஆய்வுகூடங்களில் கண்ணாடிப் பொருட்களை உலர் சூட்டில் கிருமி நீக்க 160 பாகையில் 2 மணித்தியாலம் வைப்பார்கள், 170 என்றால் ஒரு மணித்தியாலம். நமது 15 நிமிடத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்காக ஓவன் முறை வெறும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. கழுவிய போத்தல் ஈரத்தோடு உள்ளே போவதால் தொடக்கத்தில் ஆவியும் சேர்ந்து வேலை செய்கிறது. பூஞ்சணத்தையும் ஈஸ்ட்டையும் அது பெரும்பாலும் ஒழித்துவிடும். ஆனால் அமெரிக்க வழிகாட்டல் கிருமி நீக்கத்துக்கு ஓவனைப் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடி வெடிக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். எனது கருத்தும் அதே பக்கம்தான். கொல்வதற்குக் கொதிநீர், உலர்த்துவதற்கு ஓவன்.

ஓவனை மட்டும்தான் பாவிப்பேன் என்றால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். போத்தல்களைக் குளிர்ந்த ஓவனில் வைத்துவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள், கண்ணாடியும் ஓவனும் சேர்ந்து சூடாகட்டும். ஓவனின் விளக்கு அணைந்தால் உள்ளே இருக்கும் காற்று 140ஐ எட்டியிருக்கிறது என்று மட்டுமே பொருள். தடித்த கண்ணாடி அதற்குப் பின்தான் அந்தச் சூட்டுக்கு வரும். ஆகவே விளக்கு அணைந்த பிறகு 20 நிமிடம் வையுங்கள். மூடிகளை உள்ளே வைக்கவே வேண்டாம், வளையம் இளகிப் பிசுபிசுத்துவிடும்.

ஒரு கிலோ மாம்பழத்தில்

கறுத்தக்கொழும்பானில் ஜாம் காய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். (சும்மா தின்ன வேண்டிய பழத்தை ஜாம் ஆக்குவதா என்று வீட்டில் சண்டை வரும். ஒரே கிழமையில் மரம் முழுதும் பழுத்துக் கொட்டினால் சண்டை தானாக ஓய்ந்துவிடும்.) ஒரு கிலோ சதை, 750 கிராம் சீனி, 4 மேசைக் கரண்டி தேசிப்புளி. காய்ச்சி முடிக்கும்போது 1.4 கிலோ அளவில் ஜாம் கிடைக்கும். கடை ஜாம் போத்தலில் 450 கிராம் பிடிக்கும் அளவு மூன்று வேண்டும். மிச்சத்துக்கு ஒரு சின்னப் போத்தலையும் சேர்த்து நான்காக அவித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒன்று குறைந்தால் அவிக்காத போத்தலை எடுக்கத்தான் கை போகும்.

தேசிப்புளி ருசிக்காக மட்டும் என்று எண்ணிக் குறைக்கக் கூடாது. நன்றாகப் பழுத்த மாம்பழம் புளிப்பில் மெல்லியது, சில வேளை 4.6 எல்லையை ஒட்டியோ அதற்கு மேலேயோ நிற்கும். தேசிப்புளி அதைக் கீழே இறக்குகிறது, ஜாம் இறுகவும் உதவுகிறது.

இதில் முக்கியம் நேரப் பொருத்தம். ஜாமும் போத்தலும் ஒரே நேரத்தில் சூடாக இருக்க வேண்டும். ஒரு பெரிய சட்டி நிறைந்த நீர் கொதிக்கவே 20 நிமிடம் எடுக்கும், அதற்குப் பின் 10 நிமிடம். ஜாம் காயவும் ஏறக்குறைய அரை மணித்தியாலமோ சற்று மேலோ ஆகும். ஆகவே பழத்தில் சீனியைக் கொட்டும்போதே பக்கத்து அடுப்பில் போத்தல் சட்டியை ஏற்றிவிடுங்கள். போத்தல் முந்திவிட்டால் பரவாயில்லை, அடுப்பை அணைத்து மூடி, அந்தச் சுடுநீருக்குள்ளேயே கிடக்க விடுங்கள். வெளியே எடுத்து வைத்துக் காத்திருப்பதுதான் பிழை. ஆறிய போத்தலில் காற்றிலிருந்து தூசி விழும், கொதிக்கும் ஜாமை ஊற்றினால் வெடிக்கவும் கூடும்.

ஜாம் 104, 105 பாகைக்கு வந்தால் பதம். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேல்தோல் சுருங்கினால் இறக்கலாம். இப்போது ஒரு போத்தலை இடுக்கியால் எடுத்து, உள்ளிருக்கும் நீரைச் சட்டிக்குள்ளேயே கவிழ்த்து ஊற்றிவிட்டு, மரப்பலகையிலோ மடித்த துணியிலோ நிமிர்த்தி வையுங்கள். சீமெந்துத் திட்டிலும் தரை ஓட்டிலும் வைக்கக் கூடாது, மின்விசிறியின் கீழும் வேண்டாம். உள்ளே ஒட்டிய துளிகள் கண்ணாடியின் சூட்டிலேயே ஆவியாகி மேலே போவது தெரியும். துணியை உள்ளே விட்டுத் துடைத்தால் அவித்தது வீண்.

ஜாமை வாயிலிருந்து கால் அங்குலம் விட்டு நிரப்புங்கள். போத்தலின் விளிம்பில் ஒரு சொட்டு ஜாம் சிந்தியிருந்தாலும் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மூடியை இறுக்குங்கள். பூஞ்சணம் முதலில் தொடங்குவது அநேகமாக அந்தச் சொட்டில்தான். பிறகு அடுத்த போத்தல். நான்கையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டாம், ஒவ்வொன்றாக எடுங்கள்.

ஆறும்போது மூடியின் நடுப்பகுதி டக்கென்று உள்ளே இழுக்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம், கிருமி இல்லை என்பதற்கு அல்ல. பழைய மூடியில் அடைத்த இந்த ஜாமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. வெளியே மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் அதற்கென்றே விற்கும் புதிய மூடிகள் வாங்கி, நிரப்பி மூடிய போத்தலையே கொதிநீரில் மூழ்கவைத்து 10 நிமிடம் அவிக்க வேண்டும். அப்படி அவிப்பதென்றால் வெற்றுப் போத்தலை முன்கூட்டி அவிக்கும் வேலை மிச்சம், சூடாக வைத்திருந்தால் போதும்.

ஊறுகாய்க்கு வேறு கணக்கு

ஜாம் சுடச்சுடப் போகிறது. தேசிக்காய் ஊறுகாயோ உப்பிட்டு வெயிலில் காய்ந்து, ஆறிய நிலையில் போகிறது. அதற்குச் சூடான போத்தல் தேவையில்லை, உலர்ந்த போத்தல்தான் தேவை. அடியில் தேங்கிய சில துளி நீர், அந்த இடத்தில் மட்டும் உப்பையும் புளிப்பையும் கரைத்து மெலிதாக்கிவிடும். எண்ணெய்க்கு அடியில் சிக்கிய நீர்த்துளி எங்கேயும் போகாது.

10 நிமிடம் அவித்த பிறகு போத்தலைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். கவிழ்த்தால் ஆவி உள்ளேயே சிக்கி, ஆறும்போது திரும்பவும் நீராகிச் சுவரில் படியும். நிமிர்த்தி வைத்தால் சூட்டோடு சூடாக வெளியேறிவிடும். ஓவன் இருந்தால் 100 பாகையில் 10 நிமிடம் உலர்த்தி, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட்டு எடுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டுக்கு யாழ்ப்பாணத்து வெயில் இருக்கிறது. அம்மம்மாமார் ஊறுகாய்ப் போத்தலை முற்றத்தில் வெயிலில் வைப்பது சரியான வேலைதான், ஆனால் அதன் பயன் உலர்த்துவதில்தான். வெயிலின் சூடு பூஞ்சண வித்தியைக் கொல்லும் அளவுக்கு ஏறாது. ஆகவே அவித்துவிட்டு வெயிலில் வையுங்கள், வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் கட்டி. முழுதாக ஆறியபின்தான் மூட வேண்டும். கையில் தொட்டால் இளஞ்சூடு இருக்கும்போது மூடினால், சற்று நேரத்தில் மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் நிற்பதைக் காணலாம்.

ஊறுகாய்க்குத் தகர மூடி வேண்டாம். உப்பும் புளியும் சேர்ந்து பூச்சை அரித்து, கறள் உள்ளே கொட்டும். கொதிநீரில் வளையாத கெட்டிப் பிளாஸ்டிக் மூடியோ கண்ணாடி மூடியோ நல்லது.

எங்கே பிழைத்தது என்று பார்ப்பது

போத்தல் வெடித்திருந்தால் வெடிப்பைப் பாருங்கள். அடியைச் சுற்றி வட்டமாக, அடிப்பாகம் தனியே கழன்று வந்திருந்தால் அது சூட்டு வித்தியாசத்தால் வந்தது. சூடான போத்தல் குளிர்ந்த தளத்தில் பட்டிருக்கும், அல்லது ஆறிய போத்தலில் கொதிப்பது விழுந்திருக்கும். வாயில் சிறு சில்லுப் பெயர்ந்திருந்தால் அது பழைய அடி, அந்தப் போத்தலை அவிக்கவே எடுத்திருக்கக் கூடாது.

பூஞ்சணம் மூடியின் கீழே, விளிம்போரமாகத் தொடங்கியிருந்தால் மூடியோ விளிம்போ சுத்தமில்லை. ஜாமின் நடு மேற்பரப்பில் வட்டமாகப் படர்ந்திருந்தால் ஜாம் ஆறிய பிறகு நிரப்பியிருப்பீர்கள், அல்லது ஈரக்கரண்டி போயிருக்கும். மேலே இருப்பதை வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவோர் உண்டு. வேண்டாம். சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் இறங்கியிருக்கும், போத்தலோடு கொட்டுங்கள். குமிழி வந்து கள்ளு மணம் அடித்தால் ஈஸ்ட் புகுந்திருக்கிறது, சீனி குறைந்த ஜாமில் இது அதிகம். மூடி வெளிப்பக்கம் புடைத்திருந்தால் ருசி பார்க்கவே வேண்டாம்.

இனி, முதலில் சொன்ன அந்தப் புளிப்பு விடயம். போத்தலை எவ்வளவு ஒழுங்காக அவித்தாலும் உள்ளே போவது புளிக்காத பொருளாக இருந்தால் பயனில்லை. உள்ளி உரித்து வெறும் நல்லெண்ணெயில் ஊறப்போடுவது அப்படியான ஒன்று. உள்ளியில் புளிப்பு இல்லை, எண்ணெய் காற்றைத் தடுத்துவிடுகிறது, வித்தியோ மண்ணிலிருந்து உள்ளியோடேயே வருகிறது. பொட்டுலிசத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கும், நிறமும் மணமும் மாறாமலே நஞ்சு உண்டாகலாம். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள். கூடுதல் நாள் வைக்க விரும்பினால் எண்ணெயை விட்டுவிட்டு, உள்ளி மூழ்க வினாகிரியில் போட்டு, அதையும் குளிரிலேயே வையுங்கள்.